வெயில் தாகமா, சர்க்கரைத் தாகமா: ஒரு பரோட்டா மாஸ்டரின் ஆறு வாரங்கள்

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். விருதுநகர் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு 53 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். பைபாஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். மாலை ஐந்து மணிக்குக் கல்லின் முன்னால் நின்றால் இரவு ஒரு மணி வரை அங்கேதான். நாற்காலியில் உட்காரும்போதே சொன்னார்: “சூடு பிடிச்சிருக்கு சார். ஆறு வாரமா எறங்கவே மாட்டேங்குது.”

இந்த நிகழ்வை எழுத அவர் சம்மதித்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ ரீதியாக இதில் அபூர்வம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆறு வாரங்களில் நான்கு பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள், நான்கு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூட விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

ஆறு வாரக் கதை

பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த கையோடு தாகம் தொடங்கியிருக்கிறது. கல்லின் சூட்டில் நிற்பவருக்குத் தாகம் எடுப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவருக்கும் வரவில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். அது இரண்டாகி, மூன்றாகியது. வெறும் தண்ணீரில் தாகம் அடங்காததால் நன்னாரி சர்பத், கோலி சோடா, கலர் என்று மாறினார். நன்னாரி குளிர்ச்சி என்பதால் அதிலும் ஒரு மனத் திருப்தி.

இரண்டாவது வாரத்தில் இரவில் எழுந்திருக்க வேண்டி வந்தது. முதலில் ஒரு தடவை, பிறகு மூன்று, பிறகு ஐந்து. அடிக்கடி சிறுநீர் போவதை மெடிக்கல் ஷாப்பில் சொன்னார். நீர்க்கடுப்பு என்று மாத்திரையும், தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். ஐந்து நாளில் ஒன்றும் மாறவில்லை.

நான்காவது வாரம் டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தார். வயது ஐம்பதைத் தாண்டிய ஆண், இரவில் ஐந்து தடவை எழுந்திருக்கிறார் என்றதும் புராஸ்டேட் ஞாபகம் வருவது இயல்புதான். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் புராஸ்டேட் 30 கிராம், லேசான வீக்கம் என்று வந்தது. அந்த வயதில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

மாத்திரை போட்ட நாலாம் நாளிலிருந்து எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதோடு கண்ணும் மங்கலானது. சப்ளையர் கொண்டுவந்து வைக்கும் ஆர்டர் சீட்டைப் படிக்க முடியவில்லை. கண்ணாடிக் கடையில் பார்த்து 1,800 ரூபாய்க்குக் கண்ணாடி போட்டார். உடம்பு இளைத்ததற்கு வேலைப்பளு காரணமாயிற்று. இப்படியே ஆறாவது வாரம் வந்துவிட்டது.

மெடிக்கல் ஷாப், டாக்டர், கண்ணாடிக் கடை என்று மூன்று பேர் ஆயிற்று. நான்காவது ஆள், உடம்புச் சூட்டுக்கு வெந்தயமும் இளநீரும் சொன்ன அவருடைய மச்சான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். “சூடு” என்ற சொல்லுக்குள் தாகம், சிறுநீர், எரிச்சல், இளைப்பு எல்லாமே அடங்கிவிடுகின்றன. ஒரு பெயர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எத்தனை தடவை என்பதல்ல, எவ்வளவு என்பது

நான் மாஸ்டரிடம் கேட்ட முதல் கேள்வி, “போகும்போது எரியுதா?” என்பது. இல்லை என்றார். “சொட்டுச் சொட்டா வருதா, இல்ல நிறையவா?”

“நிறைய சார். பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு.”

சூடு பிடித்தால் சிறுநீர் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைவாக வரும், மஞ்சளாக வரும், எரியும். வெயிலில் வியர்வையாக நீர் போய்விடுவதால், சிறுநீரகம் இருக்கிற நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதனால் வெயில் தாகம் உள்ளவருக்குச் சிறுநீர் குறைய வேண்டும். மாஸ்டருக்கோ தாகமும் இருந்தது, சிறுநீரும் கூடியிருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது வெயில் கணக்கில் வராது. கத்திரியாக இருந்தாலும் சரி, கல்லடுப்பாக இருந்தாலும் சரி.

நீர்க்கடுப்பும் அதேபோல அடிபட்டுப் போகிறது. கிருமித்தொற்றில் சிறுநீர்ப்பை புண்ணாகி இருப்பதால் ஐம்பது மில்லி சேர்ந்தாலே அவசரம் வந்துவிடும்; தடவைகள் கூடும், ஆனால் மொத்த அளவு கூடாது. புராஸ்டேட் அடைப்பிலும் தாரை மெலிந்து, நின்று நின்று வரும், போன பிறகும் மீதி இருப்பது போல இருக்கும். அங்கேயும் ஒரு நாளின் மொத்தச் சிறுநீர் ஒன்றரை இரண்டு லிட்டர்தான். அதுவே பல தவணையில் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

“எத்தனை தடவை போறீங்க?” என்ற கேள்விக்கு இந்த மூன்று நோயாளிகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “ஒரு தடவைக்கு எவ்வளவு?” என்று கேட்டால்தான் பிரிவார்கள். மாஸ்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனைக்கான சின்னக் குப்பிக்குப் பதிலாக ஒரு லிட்டர் அளவுக் குவளையைக் கொடுத்து அனுப்பினேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். குவளையில் 450 மில்லி இருந்தது. சாதாரணமாக அவ்வளவு சேர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அன்று போன வேகத்தில் பாதி வேகத்தில் போனாலும் நாளுக்கு மூன்று லிட்டரைத் தாண்டிவிடும். மூன்று லிட்டருக்கு மேல் போனாலே அதை அதிகச் சிறுநீர் என்று கணக்கில் எடுக்கிறோம்.

அந்த ஸ்கேன் அறிக்கையைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். புராஸ்டேட் 30 கிராம் என்பதற்கு இரண்டு வரி கீழே, சிறுநீர் கழித்தபின் பையில் மீதி 15 மில்லி என்று இருந்தது. பை சுத்தமாகக் காலியாகிறது, அடைப்பு எதுவும் இல்லை என்று அறிக்கையே சொல்லியிருக்கிறது. இன்னொரு துப்பும் ஸ்கேன் சென்டரிலேயே இருந்திருக்கிறது. பை நிறைந்தால்தான் ஸ்கேன் எடுக்க முடியும் என்று எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைப்பார்கள். முக்கால் மணி, ஒரு மணி என்று ஆகும். மாஸ்டரின் மனைவி சொன்னார்: “இவுக கால் மணி நேரத்துல ரெடின்னு போய் நின்னாக சார். அங்க இருந்தவங்கள்லாம் சிரிச்சாங்க.”

அவர்தான் இன்னும் இரண்டு விஷயங்களையும் சொன்னார். மாஸ்டரின் வேட்டியில் முன்பக்கம் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. காய்ந்தபின் கஞ்சி போட்டது போல மொடமொடவென்று நிற்கிறதாம். பின்கட்டில் இவர் போகும் இடத்தில் சிற்றெறும்பு. “மாவு சிந்தியிருக்கும்னு நெனச்சேன்,” என்றார். பரோட்டா மாஸ்டர் வீட்டில் மாவு சிந்துவது சகஜம்தானே.

எறும்பு பழைய கதை. நம் வைத்திய மரபில் இந்த நோய்க்கு மதுமேகம் என்றும் நீரிழிவு என்றும் பெயர். ஒரு பெயரில் இனிப்பு இருக்கிறது, இன்னொன்றில் நீர் இழப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் மேத்யூ டாப்சன் 1776-இல் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்து, அடியில் தங்கியது சர்க்கரை என்று காட்டினார். அவர் சட்டியில் செய்ததை மாஸ்டரின் வேட்டி வெயிலில் செய்துகொண்டிருந்தது.

ஒட்டிய விரலும் 412-ம்

உடனே குளுக்கோமீட்டரில் பார்த்தோம். முதல் அளவு 468 வந்தது. எங்கள் நர்ஸ் அவர் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கை பிசுபிசுன்னு இருக்கே, என்ன சாப்பிட்டீங்க?” என்றார். வாசலில் சர்பத் குடித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். விரலில் ஒட்டிய சர்க்கரை ரத்தச் சொட்டோடு கலந்தால் மீட்டர் அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிவிடும். சோப்புப் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் எடுத்தோம். 412.

இரண்டு எண்ணுக்கும் சிகிச்சையில் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் பழம் நறுக்கிய கையோடு பார்த்து 210 வந்து, இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை கழுவ அரை நிமிடம் போதும்.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பல இடங்களில் நாட்கள் வீணாகின்றன. “சரி, நாளைக்கு வெறும் வயித்துல வாங்க” என்று அனுப்பிவிடுவது பழக்கமாகிவிட்டது. மாஸ்டர் போன்றவருக்கு அந்த நாளை வராது. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து, இரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பவர், எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருந்து லேபுக்கு எப்போது வருவார்? அறிகுறி இல்லாத ஒருவருக்கு நோயை உறுதிசெய்ய வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று பார்ப்போம். அதையும் ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு முடிவுகளால் உறுதிப்படுத்துவோம். ஆனால் தாகமும், அதிகச் சிறுநீரும், காரணமில்லாத இளைப்பும் இருக்கும் ஒருவருக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை. எப்போது சாப்பிட்டார் என்று பார்க்காமல் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 200 அல்லது அதைத் தாண்டியிருந்தால், அந்த ஒரு முடிவே போதும்.

கையோடு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். மீட்டர் வழிகாட்டி, நோய் என்று எழுதிவைக்க லேப் அளவு வேண்டும். மாலைக்குள் முடிவு வந்தது: சர்க்கரை 398, ஹெச்பிஏ1சி 11.6. சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ், கொழுப்பு கரையும்போது உண்டாகும் அமிலமான கீட்டோன் மிகக் குறைவு, சீழ்ச் செல்கள் இல்லை. ஆறு வாரத்து நீர்க்கடுப்புக் கதை அந்தக் கடைசி வரியில் முடிந்தது.

நீர் எங்கே போகிறது

மாஸ்டர் கேட்டார்: “நான் அவ்வளவு தண்ணி குடிக்கிறேனே சார், அதனாலதானே போகுது?” பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் போகிறது, பிறகு தாகம் எடுக்கிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. சர்க்கரை 100 இருக்கும் ஒருவருக்கு அந்த நீரோடு 180 கிராம் சர்க்கரையும் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். அதை ஒரு கிராம்கூட விடாமல் சிறுநீரகக் குழாய்கள் திரும்ப எடுத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. ஆனால் அந்தக் குழாய்கள் எடுக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது எடுத்து முடிக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழியத் தொடங்கும். சர்க்கரை தனியாகப் போகாது, நீரைக் கூட இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வற்ற, மூளை தாகத்தைக் கிளப்புகிறது.

400 என்ற அளவில் வடியும் சர்க்கரை நாளைக்கு 720 கிராம். குழாய்கள் எடுக்கக்கூடியது ஏறத்தாழ ஐந்நூறு. மீதி சுமார் இருநூறு கிராம் வெளியே. சர்க்கரை நாள் முழுக்க 400-லேயே நிற்காது என்று பாதியாகக் குறைத்தாலும் 100 கிராம், அதாவது 400 கலோரி. “ஒண்ணரை பரோட்டா மாதிரி, தினமும் சாப்பிட்டுட்டு அப்படியே வெளிய விடுறீங்க,” என்றேன். அது அவருக்குப் புரிந்தது. இன்சுலின் போதாததால் உள்ளே இருக்கும் சர்க்கரையும் செல்லுக்குள் நுழையாமல், கொழுப்பும் தசையும் கரைகின்றன. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் எடை பார்த்தபோது 71 கிலோ. என் தராசில் 64. அதில் ஒரு பங்கு வெறும் நீர், ஆகவே சிகிச்சையில் அது சீக்கிரம் திரும்பும். மற்றது மெல்லத்தான் வரும்.

இதில் சர்பத் செய்த வேலை கொஞ்சம் அல்ல. 300 மில்லி கலர் பாட்டிலில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். அவர் நாளைக்கு ஐந்தாறு குடித்துக்கொண்டிருந்தார். தாகம் எடுக்க, குடிக்க, சர்க்கரை ஏற, மேலும் நீர் போக, மேலும் தாகம் எடுக்க என்று அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீரில் அடங்காத தாகத்துக்கு இனிப்பைத் தேடிப் போகிறார் ஒருவர் என்றாலே எனக்கு மீட்டரைக் கையில் எடுக்கத் தோன்றும்.

கண் மங்கியதும் இதே கணக்குத்தான். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீரை உறிஞ்சியும் விட்டும் வடிவம் மாறுகிறது, பவர் மாறுகிறது. 1,800 ரூபாய்க் கண்ணாடி 400 சர்க்கரைக்கான கண்ணாடி. சிகிச்சை தொடங்கியபின் முதல் சில வாரங்கள் பார்வை இன்னும் குழப்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் மருந்துதான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஒரு மாதமாவது ஆகட்டும், அப்புறம் கண்ணாடி பார்க்கலாம்.

கண் இருட்டலுக்கு வருவோம். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 124/80, எழுந்து நின்றதும் 102/70, நாடி 110. உடம்பில் நீர் குறைந்து போன ஒருவருக்கு, ரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தளர்த்தும் புராஸ்டேட் மாத்திரை. நின்றால் அழுத்தம் விழாமல் என்ன செய்யும்? அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினேன்.

குளுக்கோஸ் ஏற்றச் சொன்ன மனைவி

“ரொம்பச் சோர்ந்து போயிருக்காக. ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பு வரும்,” என்றார் மாஸ்டரின் மனைவி. நம் ஊரில் பாட்டில் ஏற்றுவது என்றாலே குளுக்கோஸ்தான். சோர்வு, மயக்கம் என்று வந்தவருக்கு மீட்டரில் பார்க்காமல் அதை மாட்டிவிடும் இடங்களும் உண்டு. 412 உள்ளவருக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. சாதாரண உப்பு நீர்ப் பாட்டில் ஏற்றினோம். எழுந்து நின்றபோது தலை சுற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இந்த முடிவை எண்ணை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை, மூச்சு நிதானமாக இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது, கீட்டோன் குறைவு. வாயால் தண்ணீர் குடிக்க முடிந்தது. ஆகவே வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். இதில் ஒன்று மாறியிருந்தாலும், அதாவது வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக இழுக்கும் மூச்சு, பழவாடை, தூக்கக் கலக்கம் இவற்றில் எது இருந்தாலும், அல்லது மீட்டர் எண்ணே காட்டாமல் HI என்று காட்டியிருந்தாலும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

இன்னொரு எச்சரிக்கையும் சொன்னேன். இரவில் எழுந்திருக்காமலிருக்கச் சிலர் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சர்க்கரை நானூறில் இருக்கும்போது அது ஆபத்து. நீர் போவது நிற்காது, வருவது மட்டும் நிற்கும். வயதானவர்கள் இப்படித்தான் வற்றிப்போய் நினைவிழக்கிறார்கள். இனிப்பில்லாத தண்ணீர், மோர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

எடை இவ்வளவு இறங்கி, சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருப்பவருக்கு முதலில் இன்சுலின் கொடுப்பதுதான் சரி என்பது என் பழக்கம். இரவில் ஒரு ஊசி, கூடவே மெட்பார்மின் மாத்திரை. ஊசி என்றதும் முகம் சுருங்கியது. “ஆயுசுக்கும் போடணுமா?” வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வந்து, இப்படி எடையும் குறைந்தால் கணையத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. வயிற்று ஸ்கேனில் கணையம் சரியாக இருந்தது.

மறுநாள் 290. நான்காவது இரவு இரண்டே தடவைதான் எழுந்தார். பத்தாவது நாள் வேட்டியில் திட்டு இல்லை என்று மனைவி போனில் சொன்னார். என்னைப் பொறுத்தவரை லேப் அறிக்கைக்குச் சமமான செய்தி. மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 7.3, எடை 68. ஊசியை நிறுத்தி மாத்திரையில் இருக்கிறார்.

இந்த அறிகுறிகளால் பிடிபடாதவை

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோய் என்று நாம் வகுத்திருக்கும் கோடு வெறும் வயிற்றில் 126. சிறுநீரகம் வழியத் தொடங்குவது சுமார் 180-க்கு மேல். இடையில் இருக்கும் அந்த இடைவெளியில் தாகமும் வராது, எறும்பும் வராது. வயதானவர்களுக்கு அந்த வழியும் மட்டம் இன்னும் உயர்ந்துவிடுவதால், 220 இருந்தும் எதுவும் தெரியாதவர்கள் உண்டு. ஆகவே தாகம் இருந்தால் உடனே பார்க்க வேண்டும் என்பது சரி. தாகம் இல்லை, அதனால் எனக்குச் சர்க்கரை இல்லை என்பது தவறு. மாஸ்டருக்கே தாகம் தொடங்கியது பங்குனியில் என்றாலும், சர்க்கரை அதற்கு வெகுகாலம் முன்பே ஏறத் தொடங்கியிருக்கும்.

சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் ஒருவகை மாத்திரை சிறுநீரக வழியாகச் சர்க்கரையை வெளியேற்றியே வேலை செய்கிறது. அதைச் சாப்பிடுபவருக்கு ரத்தச் சர்க்கரை 120 இருந்தாலும் சிறுநீரில் நான்கு பிளஸ் காட்டும். மறுபக்கம், தாகமும் அதிகச் சிறுநீரும் இருந்து ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருந்தால் கதை முடியவில்லை. நீர் மாத்திரை, மனநோய்க்கான லித்தியம், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடுவது, நீரைக் கட்டுப்படுத்தும் மூளைச் சுரப்பில் கோளாறு என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

குழந்தைகளுக்கு மட்டும் இந்தக் கடிகாரம் வேறு. மாஸ்டர் ஆறு வாரம் அலைந்தும் நடந்து வந்தார். படுக்கை நனைப்பதை விட்டு இரண்டு மூன்று வருடமான பிள்ளை திரும்ப நனைக்க ஆரம்பித்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இளைத்தும் போனால், அது முதல் வகைச் சர்க்கரையாக இருக்கலாம். சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கும் நிலைக்குப் போய்விடலாம். அங்கே நாளைக்கு வெறும் வயிற்றில் என்ற பேச்சே கூடாது. அன்றே, அந்த மணியிலேயே விரலில் பார்க்க வேண்டும். இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1990-களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் இந்தத் திரும்ப நனைப்பதைப் பற்றிச் சுவரொட்டி ஒட்டினார்கள், மருத்துவர்களுக்கு மீட்டரும் கொடுத்தார்கள். அமிலமாகிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். செலவு பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு படமும் சில வரிகளும் மீட்டர்களும்தான்.

ஆடி மாதம் மாஸ்டர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே ஓட்டலில் தோசைக் கல்லில் நிற்பவர், 61 வயது. “சார், இவரும் ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கிறாரு. எவ்வளவு போறாருன்னு நானே அளந்து எழுதச் சொன்னேன்.” பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு நாள் கணக்கு இருந்தது: 90, 110, 80, 120 மில்லி. தாகம் இல்லை. தாரை மெலிவு, நின்று நின்று வருகிறது. விரலில் பார்த்தோம், கை கழுவிவிட்டுத்தான்: 108. அவருக்குப் புராஸ்டேட்.